கணக்கில் 410, கணினியில் 780

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒரு மாணவி தன் பேராசிரியருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"வணக்கம் சார். 2N3904 டிரான்சிஸ்டரில் காமன் எமிட்டர் பெருக்கி ஒன்று வடிவமைத்திருக்கிறேன். பெருக்கம் 100. பட்டை அகலத்தைக் கையால் கணக்கிட்டால் 410 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. எல்டிஸ்பைஸில் ஓட்டினால் சுமார் 780 காட்டுகிறது. கணக்கைச் சரிபார்த்துவிட்டேன். எதை நம்புவது சார்?"

பெருக்கி எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. அதிர்வெண் ஏற ஏற ஒரு கட்டத்தில் பெருக்கம் சரியத் தொடங்கும். அது வழக்கமான அளவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இறங்கும் இடம்தான் இந்தப் பெருக்கியின் மேல் எல்லை. சரிவுக்குக் காரணம், டிரான்சிஸ்டருக்குள்ளேயே இருக்கும் மிகச் சிறிய மின்தேக்குத்திறன்கள். சமிக்ஞை அவற்றை ஒரு மின்தடை வழியே நிரப்பியாக வேண்டும். நிரப்ப நேரம் பிடித்தால் வேகமான சமிக்ஞை பின்தங்கிவிடும். எல்லையைத் தரும் சூத்திரம் f = 1/(2πRC).

மாணவியின் சுற்றில் R சுமார் 900 ஓம். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 25 பைக்கோஃபாரட், பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே 4 பைக்கோஃபாரட். இரண்டையும் வெறுமனே கூட்டி 29 என்று போட்டிருந்தால் விடை 6 மெகாஹெர்ட்ஸ் வந்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. பேஸ் 1 மில்லிவோல்ட் ஏறும்போது கலெக்டர் 100 மில்லிவோல்ட் இறங்குகிறது. நடுவில் உள்ள மின்தேக்குத்திறனின் இரு முனைகளுக்கிடையே 101 மில்லிவோல்ட் மாறுகிறது. அதற்கு வேண்டிய மின்னூட்டமும் 101 மடங்கு. ஆகவே சமிக்ஞையின் பக்கமிருந்து பார்த்தால் அந்த 4, 404 ஆகிறது. வெற்றிடக் குழாய்களில் இதை ஆராய்ந்து 1920இல் கட்டுரை வெளியிட்டவர் ஜான் மில்லர். மில்லர் விளைவு என்ற பெயர் அவரால் வந்தது. 25உடன் 404ஐக் கூட்டினால் 429 பைக்கோஃபாரட், எல்லை 410 கிலோஹெர்ட்ஸ். கணக்கில் பிழையே இல்லை.

அப்படியானால் கணினி ஏன் 780 என்கிறது? அந்த 4 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விளங்கிவிடும். மாணவி அதை எடுத்தது டேட்டாஷீட்டிலிருந்து. அங்கே 4 என்பது 5 வோல்ட்டில் இதற்கு மேல் போகாது என்று தயாரிப்பாளர் தரும் உச்ச வரம்பு. சராசரித் துண்டு ஒன்றில் இருப்பது அதைவிடக் குறைவு. எல்டிஸ்பைஸின் மாடலிலும் `CJC` என்ற பெயரில் அதே 4 இருக்கிறது. ஆனால் அங்கே அது மின்னழுத்தம் ஏதும் இல்லாதபோது உள்ள மதிப்பு. கலெக்டர் சந்தியில் பின்னோக்கு மின்னழுத்தம் கூடக் கூட, நடுவிலுள்ள வெற்றுப் பகுதி அகன்று மின்தேக்குத்திறன் குறையும். 5 வோல்ட்டில் மாடலின் 4 சுமார் 2 ஆகிவிடுகிறது. 2ஐ 101ஆல் பெருக்கி 25ஐக் கூட்டினால் 227. சூத்திரம் தருவது 780 கிலோஹெர்ட்ஸ். இருவரும் ஒரே சூத்திரத்தின் வழியில்தான் போகிறார்கள். உள்ளே போட்ட எண் மட்டும் வேறு.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை. `.op` ஓட்டிவிட்டு லாக் கோப்பைத் திறந்தால், கணினி பயன்படுத்திய மதிப்பு `Cbc` என்ற வரியில் இருக்கும். அதை எடுத்துக் கைக்கணக்கில் போட்டுப் பார்க்கலாம். எதிர்த்திசையிலும் சோதிக்கலாம்: சிமுலேஷனில் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 2 பைக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் 780 இறங்கி 410க்கு அருகே வர வேண்டும். வந்தால் காரணம் உறுதி. வராவிட்டால், பெருக்கம் உண்மையிலேயே 100தானா, 900 ஓம் சரிதானா என்று அடுத்துத் தேட வேண்டும்.

இதே சோதனை ஆய்வகத்தில் நம்மைக் கேட்காமலே நடந்துவிடுவதும் உண்டு. 2N3904இன் பேஸ் காலும் கலெக்டர் காலும் அடுத்தடுத்து இருப்பவை. பிரெட்போர்டில் செருகினால் அவை பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் அமரும். அந்த வரிசைகளின் உலோகப் பட்டைகளுக்கிடையே சில பைக்கோஃபாரட் தானாகவே உண்டு. அதுவும் 101 மடங்காகும். அளந்து பார்த்தால் 410ஐ ஒட்டி ஏதோ ஒரு எண் வரக்கூடும். "கைக்கணக்குதான் சரி, கணினி தவறு" என்று அப்போது முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். டேட்டாஷீட்டின் உச்ச வரம்பும் பிரெட்போர்டின் உபரியும் தற்செயலாக ஒத்துப்போயிருக்கின்றன, அவ்வளவுதான். அதே சுற்றைக் குறுகிய கால்களோடு பலகையில் சால்டர் செய்தால் எல்லை மறுபடியும் மேலே போகும்.

ஆகவே, எதை நம்புவது என்ற கேள்விக்குப் பேராசிரியர் அனுப்ப வேண்டிய பதில் ஒரு வரிதான்: "இரண்டு பக்கமும் `Cbc` எவ்வளவு என்று எழுதி அனுப்பும்மா." அந்த இரண்டு எண்களை எழுதும்போதே மாணவிக்கு விடை தெரிந்திருக்கும்.