தோழி வெளிநாடு போகிறாள்: ஒரு சிறுகதை உருவாகும் விதம்

பள்ளிக்கூடத் தோழிகள் இருவர். ஒருத்தியின் குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறது. கிளம்புவதற்கு முன்னால் இருவரும் கடைசியாகப் பேசிக்கொள்கிறார்கள். பள்ளி ஆண்டு மலர்களிலும் வாசகர் கதைப் போட்டிகளிலும் இந்தக் கரு அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் கண்ணீர், கட்டிப்பிடித்தல், “என்னை மறந்துவிடாதே” என்று போய், கையசைப்பில் முடிந்துவிடுகிறது. எழுதியவருக்குத் தொண்டை அடைத்திருக்கும். படிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஏன் அப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்பதை ஒரே ஒரு கதையை வளர்த்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

இடம் கீழக்கரை. ரம்யாவும் ஷிஃபாவும் எட்டாம் வகுப்பு. ஷிஃபாவின் வாப்பா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். இத்தனை வருடம் லீவுக்கு மட்டும் வந்துபோனவர், இப்போது குடும்ப விசா எடுத்துவிட்டார். ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு எல்லோரும் கிளம்புகிறார்கள்.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது, இது யாருடைய கதை என்பது. போகிறவளுக்கு விமானம், புது வீடு, புதுப் பள்ளிக்கூடம் என்று நினைக்க நிறைய இருக்கிறது. இருப்பவளுக்கு அதே தெரு, அதே பெஞ்சு. மாறப்போவது பக்கத்து இடம் காலியாவது மட்டும்தான். அதனால் கதையை ரம்யாவின் கண் வழியாகச் சொல்வதே பலன் தரும்.

அடுத்தது காலம். “ஒன்றாம் வகுப்பில் முதன்முதலாகச் சந்தித்தோம்” என்று ஆரம்பித்தால், பிரிவுக்கு வந்து சேருவதற்குள் சிறுகதையின் பாதி இடம் தீர்ந்துவிடும். எழுதி முடித்த கதையில் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட வேண்டும் என்று செகாவ் சொல்வாராம். அதை இங்கே அப்படியே செய்யலாம். கடைசி நாள் சாயங்காலம், ஷிஃபா வீட்டுத் திண்ணை, அரை மணி நேரம். பழைய நட்பு முழுவதும் அந்த அரை மணிக்குள் தெரிய வேண்டும்.

எப்படித் தெரியும்? இருவர் கையிலும் புழங்கிய ஒரு பொருள் வேண்டும். பிரியும்போது வாங்கித் தரும் புதுப் பரிசு உதவாது. அதற்குப் பழைய நாள் எதுவும் தெரியாது. தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதையை நினைத்துப் பாருங்கள். வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்குப் போகும் சிறுமியிடம், ரயிலில் கூட வந்த சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுக்கிறான். அவன் அதுவரை தின்னாமல் வைத்துக்கொண்டிருந்த பழம் அது. அதனால்தான் அந்தக் கொடுத்தல் நம்மை உலுக்குகிறது.

நம் கதையில் அந்தப் பொருள் ஒரு நோட்டாக இருக்கட்டும். ரம்யாவுக்கு அம்மை போட்டு அவள் பள்ளிக்கூடம் வராமலிருந்த நாட்களில், அவளுடைய சமூக அறிவியல் நோட்டை ஷிஃபாதான் எழுதினாள். அதில் ஒரு பாடம் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. இப்போது வீட்டுக்குள் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். திண்ணையில் ஷிஃபா அந்த நோட்டை மடியில் வைத்து எழுதுகிறாள்.

“பரீட்சைதான் முடிஞ்சுருச்சே. இனி எதுக்குடி இது?”

“பாதியில நிக்குதுல்ல. பேனாவைக் கொடு, இது எழுதல.”

இனி யாருமே படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஷிஃபா எழுதுகிறாள். “நீ எனக்கு எவ்வளவு முக்கியம் தெரியுமா?” என்று அவளைச் சொல்ல வைத்தால் வராத கனம் இந்த ஒரு செயலில் வருகிறது.

உரையாடலில் இன்னொன்றும் வேண்டும். ஒருத்திக்குத் தெரிந்த ஒரு விஷயம் மற்றவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் சாதாரணச் சொல்லுக்கும் அடியில் ஏதாவது இருக்கும். இதற்கு வளைகுடா வாழ்க்கையே இடம் தருகிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம். குரல் பதிவும் போகும். ஆனால் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் அங்கே முடக்கப்பட்டிருக்கின்றன. ரம்யாவின் சித்தப்பா துபாயில் இருப்பதால் அவளுக்கு இது தெரியும். ஷிஃபாவின் வாப்பாவோ எப்போதும் வேறு செயலி வழியாகத்தான் பேசுவார்; உம்மா அழைப்பை எடுத்துக் கையில் கொடுப்பதால் ஷிஃபா அதைக் கவனித்ததே இல்லை.

“வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்ல கூப்பிடுறேன். வீடியோ கால். ஒங்கம்மா போனை வாங்கி வச்சுக்க.”

“ஒனக்கு அப்ப ஆறரை மணிதான்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“சித்தப்பா சொல்லுவாங்க.”

அழைப்பு வராது என்பதை ரம்யா சொல்லலாம். சொல்ல வாயெடுக்கிறாள். ஷிஃபா எழுதி முடித்து, அடியில் கோடு போட்டு, நோட்டை மூடி நீட்டுகிறாள். “எட்டு மணி. மறந்துராத.” ரம்யா “சரிடி” என்கிறாள். கதை அங்கே முடிகிறது.

கடைசிச் சொல் “சரிடி” என்பதுதான். அதைக் கேட்கும் ஷிஃபாவுக்கு அது சம்மதம். ரம்யாவுக்கு அது தோழியின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் விழுங்கிய உண்மை. வாசகருக்கு இரண்டும் தெரியும். இதற்குமேல் கார் கிளம்புவதையோ, பத்து வருடம் கழித்து இருவரும் சந்திப்பதையோ சேர்த்தால் அந்தச் சொல் செத்துவிடும்.

இத்தகைய கதை எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. பாத்திரங்களின் பெயரை மாற்றிவிட்டு வசனங்களைப் படியுங்கள். கல்லூரி நண்பர்கள், ஓய்வுபெறும் ஆசிரியர், பணிமாற்றலில் போகும் அதிகாரி என்று யார் வாயில் வைத்தாலும் அந்த வசனம் பொருந்தினால், அது இந்தப் பிள்ளைகளின் பேச்சு இல்லை. “உன்னைப்போல் தோழி கிடைக்கமாட்டாள்” எவருக்கும் பொருந்தும். “பேனாவைக் கொடு, இது எழுதல” என்பதை இந்த நோட்டோடு இருக்கும் இவள் மட்டுமே சொல்ல முடியும்.

அடுத்து, அழுகை. ரம்யா அழவே கூடாது என்பதில்லை. ஆனால் எழுத்தாளர் முந்திக்கொண்டு அழக் கூடாது. 1892இல் லிதியா அவிலவா என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் செகாவ் இதைத்தான் அறிவுறுத்தினார்: வாசகர் இரங்க வேண்டுமென்றால், எழுதுகிறவர் சற்றுக் குளிர்ந்து நின்று எழுத வேண்டும். எழுத்தின் குளிர்ச்சியில்தான் துயரம் எடுப்பாகத் தெரியும் என்பது அவர் கருத்து. “துக்கம் தொண்டையை அடைத்தது”, “இதயம் கனத்தது” என்ற வரிகளை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பிள்ளைகளின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிப் பாருங்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. எல்லாவற்றையும் ஒளித்துவைத்தால், என்ன நடக்கிறதென்றே வாசகருக்குப் புரியாமல் போய்விடும். வாட்ஸ்அப் அழைப்பு போகாது என்ற செய்தி, ஷிஃபா வாக்குக் கொடுப்பதற்கு முன்பே கதையில் வந்துவிட வேண்டும். சித்தப்பா பேசும்போது வேறு செயலியைத் தேடித் திறக்க வேண்டியிருக்கிறது என்று ரம்யாவின் அம்மா அலுத்துக்கொள்ளும் ஒரு வரி போதும். அதைத் தராமல் கடைசியில் விளக்கினால் கதை பாடமாகிவிடும்.

உங்கள் பக்கத்து பெஞ்சிலிருந்தும் யாராவது ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். அதை எழுத உட்காரும்போது அன்று எவ்வளவு வருத்தப்பட்டீர்கள் என்று தேடாதீர்கள். அன்று இருவரும் உண்மையில் எதைப் பற்றிப் பேசினீர்கள், யார் கையில் என்ன இருந்தது, எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று நினைவுபடுத்துங்கள். அந்த மூன்றும் கிடைத்துவிட்டால் கதை கிடைத்துவிட்டது.