பன்றிக்கறியே தொடாதவர் மூளையில் பன்றி நாடாப்புழு!

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள், அந்த மாவட்டத்தின் கிராமங்களிலும் நகர்ப்பகுதியிலும் வீடு வீடாகச் சென்று வலிப்பு நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். அவர்களை ஸ்கேன் எடுத்து, ரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்ததில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வலிப்புக்குக் காரணம் பரம்பரையோ தலையில் பட்ட அடியோ அல்ல. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி மூளையில் போய் உட்கார்ந்திருந்ததுதான். இந்த ஆய்வு 2006-ல் வெளியானது. நோயின் பெயர் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும், நோய் வாய் வழியாகத்தான் நுழைகிறது.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ‘நான் பன்றிக்கறியைத் தொட்டதே இல்லையே, எனக்கு எப்படி வந்தது?’

கறியில் ஒன்று, கையில் ஒன்று

இந்தப் புழு மனிதனுக்குள் வர இரண்டு பாதைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த நோய் பலருக்குப் புரிவதில்லை.

முதல் பாதை, கறி. நோயுள்ள பன்றியின் தசையில், வெந்த ஜவ்வரிசி போல வெள்ளை நீர்க்கட்டிகள் இருக்கும். அந்தக் கறியை அரைவேக்காட்டில் தின்றால், கட்டிக்குள் இருக்கும் புழுத்தலை நம் குடல் சுவரில் கவ்விக்கொண்டு வளரும். இரண்டு முதல் நான்கு மீட்டர் நீளத்துக்குப் பட்டை நாடா போல இருக்கும். ஆள் நன்றாகவே நடமாடுவார். எப்போதாவது வயிறு மந்தமாக இருக்கலாம். மலத்தில் வெள்ளையாகத் தட்டைத் துண்டுகள் வரலாம். அவ்வளவுதான். அப்படி வெளியேறும் ஒவ்வொரு துண்டிலும் சுமார் 50,000 முட்டைகள் இருக்கும்.

இரண்டாவது பாதை, முட்டை. குடலில் புழு உள்ளவர் மலம் கழித்துவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் மாவு பிசைந்தால், கீரை ஆய்ந்தால், தண்ணீர் மொண்டு கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டை அடுத்தவர் வயிற்றுக்குள் போகிறது. அங்கே வயிற்று அமிலமும் பித்தநீரும் பட்டு ஓடு கரைகிறது. உள்ளிருந்து வரும் நுண்ணிய கரு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, தசை, கண், மூளை என்று போய்த் தங்குகிறது. ரத்த ஓட்டம் மூளைக்கு அதிகம் என்பதால் அங்கே போய்ச் சேரும் வாய்ப்பும் அதிகம். இரண்டு மூன்று மாதத்தில் அது நீர்க்கட்டியாகிவிடும்.

ஆக, கறியைத் தின்றால் குடலில் புழு. முட்டையை விழுங்கினால் மூளையில் கட்டி. மூளை நோய்க்குப் பன்றிக்கறி தின்னவே வேண்டாம். குடலில் புழு உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். புழு உள்ளவரே தன் கையால் தனக்கும் முட்டையை ஊட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொரு கொடுமை.

இதற்கு உலகறிந்த சாட்சி நியூயார்க்கில் இருக்கிறது. மத நம்பிக்கையால் பன்றிக்கறியை அறவே ஒதுக்கிய யூதர்கள் நான்கு பேருக்கு அடுத்தடுத்து வலிப்பு வந்தது. ஸ்கேனில் பார்த்தால், மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டி. விசாரித்ததில், அந்த வீடுகளில் சமையல், வீட்டு வேலை பார்த்தவர்கள் இந்த நோய் பரவலாக இருக்கும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர் குடலில் நாடாப்புழு இருந்தது. 1992-ல் இது மருத்துவ இதழில் வெளியானது.

உயிரோடு இருக்கும்வரை சும்மா இருக்கும்

மூளைக்குள் போன கட்டி உடனே தொல்லை கொடுப்பதில்லை. நம் உடலின் எதிர்ப்புச் சக்திக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் சில வருடங்கள் ஒளிந்து வாழும். பிறகு அதற்கு வயதாகிச் சாகத் தொடங்கும்போது மறைப்பு விலகுகிறது. அப்போதுதான் உடல் அதை அடையாளம் கண்டு தாக்குகிறது. அந்த இடம் வீங்குகிறது, பக்கத்து நரம்பணுக்கள் எரிச்சலடைகின்றன, வலிப்பு வருகிறது. வலிப்பு வந்தது என்றால் பெரும்பாலும் புழு செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதை மனதில் வைத்தால்தான் சிகிச்சை முறை விளங்கும்.

இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் ராணுவ வீரர்களில் பலருக்கு, வந்து சில வருடங்கள் கழித்துத்தான் வலிப்பு தொடங்கியது. அதனால், ‘போன வாரம் ஓட்டலில் தின்ற கோஸ் பொரியலா’ என்று தேடுவதில் பயனில்லை.

செத்த கட்டி சிலருக்குத் தடமில்லாமல் மறைந்துவிடும். சிலருக்குச் சுண்ணாம்புப் புள்ளியாக இறுகிவிடும். அது பின்னாளிலும் அவ்வப்போது வலிப்பைக் கிளப்பலாம்.

காசநோய்க் கட்டியா, புழுக் கட்டியா?

ஸ்கேனில் ஒற்றைச் சிறு கட்டி தெரிவதுதான் நம் நாட்டில் அதிகம். சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், காசநோய் மிகுந்த நாடு என்பதால், இதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி மறைந்தது, மருந்தால் மறைந்தது என்று நம்பினார்கள். ஆனால், மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் அது மறைந்தது. 1980-களின் இறுதியில் வேலூரில் மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் இப்படிப்பட்ட கட்டிகளை அறுவை செய்து எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, பெரும்பாலானவை சாகும் நிலையில் உள்ள புழுக் கட்டிகள் என்று காட்டினார்கள். இன்று கட்டி 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால், மூளை ஒருபக்கமாகத் தள்ளப்படாமல் இருந்தால், கைகால் பலம் நாளுக்கு நாள் குறையாமல் இருந்தால் புழுக் கட்டி என்று கொள்கிறார்கள். அதைவிடப் பெரிதாக, ஓரம் சீராக இல்லாமல் இருந்தால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

உதாரணத்துக்கு, 52 கிலோ எடையுள்ள 25 வயது இளைஞர். வயலில் உரம் போடும்போது வலது கை தானாக வெட்டி இழுத்து, பிறகு நினைவிழந்து விழுகிறார். ஸ்கேனில் இடதுபக்க மூளையில் 10 மில்லிமீட்டர் கட்டி ஒன்று, சுற்றிலும் வீக்கம். மூளையின் இடதுபக்கம் உடலின் வலதுபக்கத்தை ஆள்வதால், வலது கையில் தொடங்கியது கணக்குக்குச் சரியாக வருகிறது.

இவருக்கு முதல் மருந்து, புழுவைக் கொல்வது அல்ல, வலிப்பைத் தடுப்பது. அதை அன்றே தொடங்கிவிடுவார்கள். அடுத்து கண் மருத்துவர் கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பார். கண்ணுக்குள் ஒரு கட்டி இருந்து, அது மருந்தால் செத்து வீங்கினால் பார்வை போய்விடும் என்பதே காரணம். அதன் பிறகுதான் அல்பெண்டசோல். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் இவருக்கு 780 வருகிறது. காலையும் இரவும் ஒரு 400 மில்லிகிராம் மாத்திரை கொடுப்பார்கள். 10 முதல் 14 நாள் வரை, உணவோடு சாப்பிட வேண்டும். சாப்பாட்டில் கொஞ்சம் எண்ணெய் இருந்தால் மருந்து நன்றாக உடலில் சேரும். மருந்தால் புழு சாகும்போது வீக்கம் கூடும் என்பதால், முன்கூட்டியே ஸ்டீராய்டு தொடங்கி இருப்பார்கள்.

உயிருள்ள கட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் பிராசிகுவான்டெல் என்ற மருந்தும் சேரும். சுண்ணாம்பாகிப்போன கட்டி மட்டும் இருந்தால் புழு மருந்தே தேவையில்லை. செத்ததை மீண்டும் எதற்குக் கொல்வது? மூளை நிறையக் கட்டிகளோடு வீங்கிப்போயிருந்தால் புழு மருந்து ஆபத்து. முதலில் வீக்கத்தைத்தான் இறக்குவார்கள். மூளையின் நீர் ஓடும் அறைக்குள் கட்டி அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான் வழி.

இதனால்தான், வலிப்பு வந்தவருக்குக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுப்பது தவறு. பள்ளியில் கொடுக்கும் ஒற்றை மாத்திரை வேறு; ஸ்கேன் பார்க்காமல் வலிப்பு நோயாளிக்குத் தொடர்ந்து கொடுப்பது வேறு.

மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். கட்டி மறைந்து, கடைசி வலிப்புக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் நன்றாக இருந்தால், வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். சுண்ணாம்புப் புள்ளி தங்கிவிட்டவர்கள் இன்னும் நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும். தானாக நிறுத்தினால் வலிப்பு திரும்பும். அதுவரை கிணற்றில் இறங்குவதும், டிராக்டர் ஓட்டுவதும், தென்னை ஏறுவதும் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பன்றியும் வயலும்

பன்றிக்கு இந்த நோய் மனித மலத்தால்தான் வருகிறது. கொட்டகையில் அடைத்து, தீவனம் வைத்து வளர்க்கும் பன்றிக்கு வர வழியில்லை. தெருவில் மேயவிட்ட பன்றிக்கு வரும். வாங்கும்போது நாக்கின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சிறு கட்டிகள் தட்டுப்பட்டால் நோய் நிச்சயம். தட்டுப்படவில்லை என்பதற்காக நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. குறைவான கட்டிகள் இருந்தால் நாக்கில் தெரியாது. கறியை உள்ளே சிவப்பு துளியும் இல்லாமல் வேக வைத்தால் கட்டி செத்துவிடும்.

பன்றியின் தசைக் கட்டிகளை ஆக்ஸ்பெண்டசோல் மருந்து ஒரே தடவையில் கொல்லும். ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராம். செத்த கட்டிகள் தசையிலிருந்து மறைய மூன்று மாதம் வரை ஆகும். புதிதாக வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது, இந்தியாவிலேயே தயாராகிறது. ஏற்கெனவே உள்ள கட்டிக்கு அது உதவாது என்பதால் மருந்தும் ஊசியும் சேர்ந்துதான் பலன். பெரு நாட்டின் தும்பேஸ் பகுதியில் மக்களுக்கும் பன்றிகளுக்கும் மருந்து, பன்றிகளுக்குத் தடுப்பூசி என்று ஒருசேரச் செய்து, 107 கிராமங்களில் 105-ல் பரவலை நிறுத்திக் காட்டினார்கள்.

காய்கறி விவசாயிகள் கவனிக்க வேண்டியது வேறு. செப்டிக் டேங்க் லாரிக்காரர் வயலில் இலவசமாகக் கொட்டிவிட்டுப் போகும் கழிவில் இந்த முட்டை இருக்கலாம். ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரில் கலக்கும் குளோரினுக்கும் சாகாது. வெயிலும் நன்கு காய்வதும் வேகவைப்பதும்தான் அதற்கு எமன். அந்தக் கழிவு பட்ட நிலத்தில் பச்சையாகத் தின்னும் முள்ளங்கி, வெள்ளரி, கொத்தமல்லி போடக் கூடாது.

வீட்டில் ஒருவருக்கு இந்த வலிப்பு உறுதியானால், அதே வீட்டில் புழு யார் குடலில் இருக்கிறது என்று தேட வேண்டும். ஒரு முறை மலப் பரிசோதனையில் தெரியாமல் போவது சகஜம்; இரண்டு மூன்று நாள் மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் துண்டு வந்ததாகச் சொல்பவரை முதலில் அனுப்புங்கள். குடல் புழுவுக்கு நிக்லோசமைடு மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். அது ரத்தத்தில் கலப்பதில்லை; எனவே மூளையில் கட்டி இருந்தாலும் அதைக் கிளறாது.