எந்த விதி எதனோடு மோதுகிறது?

ஒரு மருத்துவமனை வார்டில் எட்டு செவிலியர்கள் இருக்கிறார்கள். காலை, மாலை, இரவு என மூன்று ஷிப்ட்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் ஒரு ஷிப்ட்தான் பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டு. இரவுப் பணி முடித்தவருக்கு மறுநாள் காலை ஷிப்ட் கிடையாது. ஒருவருக்கு வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் போடக்கூடாது. ஒரு செவிலியர் கர்ப்பிணி, இன்னொருவருக்குக் கைக்குழந்தை. அந்த இருவருக்கும் இரவுப் பணியே இல்லை.

இப்படி ஒரு வாரப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையைக் கணினியிடம் கொடுக்கலாம். விதிகளை நாள்வாரியாக, ஆள்வாரியாக எழுதினால் இந்தச் சிறிய வார்டுக்கே 143 நிபந்தனைகள் வருகின்றன. சால்வர் என்னும் தீர்வு காணும் மென்பொருள் அவற்றைப் படித்துவிட்டு `Model is infeasible` என்று நிறுத்திவிடுகிறது. எல்லா விதிகளையும் ஒருசேர நிறைவேற்றும் பட்டியலே கிடையாது என்று பொருள். எந்த விதியால் என்பதை அந்த ஒற்றை வரி சொல்வதில்லை.

இந்த இடத்தில் பலரும் செய்வது, கைக்கு அகப்பட்ட விதியைத் தளர்த்திப் பார்ப்பது. பெரும்பாலும் முதலில் பலியாவது வார விடுப்பு. அது நியாயமும் இல்லை, இங்கே பயனும் இல்லை. ஏன் என்பதை முறையாகத் தேடினால் காணலாம்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் சின்னெக், எரிக் டிராவ்னீக்ஸ் இருவரும் 1991-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கான வழி இருக்கிறது. நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டு மீண்டும் தீர்த்துப் பாருங்கள். அப்போதும் தீர்வு இல்லையென்றால், முரண்பாடு அந்த நிபந்தனை இல்லாமலேயே நிற்கிறது. அதை வெளியிலேயே விட்டுவிடலாம். எடுத்ததும் தீர்வு கிடைத்துவிட்டால், மோதலில் அதற்குப் பங்கு உண்டு; திரும்பச் சேர்த்துவிடுங்கள். அடுத்ததற்குப் போங்கள். இப்படிக் கடைசி நிபந்தனை வரை ஒருமுறை போய்வந்தால், மிஞ்சுபவை மோதும் நிபந்தனைகள் மட்டுமே. அவற்றில் எந்த ஒன்றை நீக்கினாலும் மற்றவை சமாதானமாகிவிடும்.

நம் வார்டில் 143-இல் மிஞ்சுவது 15. ஏழு இரவுகளுக்கும் இரண்டிரண்டு பேர் வேண்டும் என்ற ஏழு நிபந்தனைகள், மீதி ஆறு செவிலியருக்கும் இரண்டு இரவு உச்சவரம்பு, விலக்குகள் இரண்டு. இனிக் கணக்கு கையாலேயே வரும். தேவை 14 இரவுப் பணி. ஆறு பேர் இரண்டிரண்டு பார்த்தால் 12. இரண்டு குறைகிறது. விலக்கு ஒருவருக்கு மட்டும் இருந்திருந்தால் ஏழு பேர், 14 இரவு, சரியாகப் பொருந்தியிருக்கும். விலக்கில் எதுவும் தனியாகத் தவறில்லை; இரண்டும் சேர்ந்தபோதுதான் பட்டியல் உடைந்தது.

வார விடுப்பு இந்த 15-இல் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோருடைய விடுப்பையும் பறித்தாலும் அந்த இரண்டு இரவுகள் நிரம்பா. எதைத் தொட வேண்டியதில்லை என்று இந்தச் சிறு பட்டியல் சொல்வதை நான் அதன் பெரிய உதவியாக நினைக்கிறேன்.

ஆனால் எதை மாற்றுவது என்று அது சொல்லாது. கர்ப்பிணியை இரவுக்கு அழைத்தாலும் கணக்கு சரியாகிவிடும். சரியாகிறது என்பதற்காக அதைச் செய்ய முடியாது. இரண்டு செவிலியரின் சம்மதத்தோடு அவர்களுக்கு மட்டும் மூன்றாவது இரவு போடலாம். அல்லது பக்கத்து வார்டிலிருந்து இரண்டு இரவுக்கு ஆள் கேட்கலாம். ஒருவரின் உச்சவரம்பை மட்டும் மூன்றாக்கினால் போதாது. மொத்தம் 13-தான் வரும்.

பெரிய மாதிரிகளில் ஆயிரக்கணக்கான நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்பது நேரம் தின்னும். அதனால் சால்வர்கள் இதைக் குறுக்கு வழிகளோடு உள்ளேயே செய்து தருகின்றன. குரோபியில் பைத்தான் வழியாக இப்படி எழுத வேண்டும்:

```python
if m.Status == GRB.INFEASIBLE:
    m.computeIIS()
    m.write("conflict.ilp")
```

அந்தக் கோப்பைத் திறந்தால் மோதும் நிபந்தனைகள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் "இரவு, செவ்வாய்" என்பதுபோல முன்பே பெயர் வைத்திருந்தால்தான் படிக்க முடியும். வைக்காவிட்டால் `R87`, `R112` என்று எண்கள் நிற்கும்.

ஒரு மாதிரியில் இரண்டு மோதல்களும் இருக்கலாம். அதே வாரம் வெள்ளிக்கிழமைக்கு மூன்று பேர் விடுப்பு கேட்டு, அதையும் விதியாகச் சேர்த்துவிட்டோம் என்று வையுங்கள். அன்றைக்கு இருப்பது ஐந்து பேர், தேவை ஆறு. இது இரவுக் கணக்கோடு ஒட்டாத தனி முரண்பாடு. தேடல் ஒரு சுற்றில் ஒரு மோதலைத்தான் காட்டும். எதைக் காட்டும் என்பது நிபந்தனைகளைச் சோதித்த வரிசையைப் பொறுத்தது. ஆகவே இரவுக் குறையைச் சரிசெய்த பிறகும் தீர்வு இல்லை என்றே வந்தால், செய்த திருத்தம் தவறென்று அதைக் கலைத்துவிடக் கூடாது. அதை அப்படியே வைத்துக்கொண்டு மறுபடி தேடச் சொன்னால், அடுத்த சுற்றில் வெள்ளிக்கிழமை விடுப்புகள் வெளியே வரும்.