பத்து மணிக்கு மூடும் கேட்

பிப்ரவரி பிறந்துவிட்டால் வில்லியனூர் டீக்கடைகளில் எந்தப் பேச்சும் பரீட்சையில்தான் வந்து நிற்கும். "பத்தேகாலுக்குத்தானே சார் ஆரம்பிக்கும்? எங்க அக்கா பையன் எழுதினப்போ அப்படித்தான் இருந்துச்சு" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா. அவர் மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள்.

அக்கா பையன் எழுதியது தமிழ்நாடு பாடத்திட்டத்தில். அதில் பத்து மணிக்கு வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, பத்தேகாலுக்கு எழுதச் சொல்வார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையும் 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அடுத்த ஆண்டு 10, 12-ஆம் வகுப்புகளுக்கும் அதுவே வந்தது. ஆக, வீட்டில் அண்ணனோ அக்காவோ சொல்லித்தரும் நேரம் இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. சி.பி.எஸ்.இ.யில் வினாத்தாள் கைக்கு வருவது பத்தேகாலுக்கு, எழுதத் தொடங்குவது பத்தரைக்கு, முடிவது பெரும்பாலான பாடங்களில் ஒன்றரைக்கு. பத்தரைக்குத்தானே தொடக்கம் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பத்து மணிக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் காலைக் கணக்கு முழுவதையும் அந்தப் பத்து மணியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

பாகூருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குத் தேர்வு மையம் புதுச்சேரி நகருக்குள் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பரீட்சையன்று அறை எண்ணைப் பலகையில் தேடிப் பார்க்க வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும், சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். அதற்காக ஒன்பதேகாலுக்கு வாசலில் இருப்பது நல்லது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கக் கால் மணி நேரம் என்றால் ஒன்பதுக்கு இறங்கியாக வேண்டும். கன்னியக்கோவிலிலிருந்து கடலூர் சாலையில் தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் என்று வரும்போது, பள்ளியும் அலுவலகமும் திறக்கும் நேரத்தில் ஐம்பது நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி சுமாருக்குக் கன்னியக்கோவிலில் ஏறிவிட வேண்டும். ஊரிலிருந்து கன்னியக்கோவிலுக்கு வர ஒரு ஷேர் ஆட்டோ, அதற்காகக் காத்திருப்பு இருபது நிமிடம். அப்படியானால் வீட்டை விட்டு ஏழே முக்காலுக்கு முன்பே இறங்கியாக வேண்டும்.

இந்தக் கணக்கில் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பஸ் எது என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய பஸ்ஸில் ஏறுவது என்று முடிவு செய்துவிடுங்கள். அது வராவிட்டாலும் அடுத்தது கைகொடுக்கும். பள்ளி நேரத்துக்கு ஓடும் மாணவர் சிறப்புப் பேருந்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மையத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதும் அவசியம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனால் பயனில்லை. காலியான சாலையில் அரை மணி நேரத்தில் போய்விட்டு, அதையே நம்பிவிடுவோம். வேலை நாளில், அதே காலை நேரத்தில் போக வேண்டும். வில்லியனூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மூலக்குளம், ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சதுக்கம் வரை உள்ள நெரிசல் அப்போதுதான் பிடிபடும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் மாசி மகம். வாரியம் நாடு முழுவதுக்கும் ஒரே அட்டவணை போடுகிறது; நம் உள்ளூர் விடுமுறை அதில் கணக்கில் வருவதில்லை. மாசி மகம் தேர்வுக் காலத்தில்தான் விழும். 2025-இல் மார்ச் 12. அன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி, வில்லியனூரை ஒட்டிய திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். சாலையைத் திருப்பி விடுவார்கள், பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. அட்டவணை வந்ததும் காலண்டரை எடுத்து மகத்தன்றோ அதற்கு முந்தின நாளோ பரீட்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்குப் பஸ்ஸை விட்டுவிட்டு, முதல் நாளே பெட்ரோல் போட்டு வைத்த பைக்கில் யார் கொண்டுபோய் விடுவது என்று பேசி வையுங்கள்.

இனி ஹால் டிக்கெட். இதைப் பள்ளியில்தான் கொடுப்பார்கள். வாங்கிய இடத்திலேயே நின்று படிக்க வேண்டும். பெயர், அப்பா அம்மா பெயர், புகைப்படம், மையத்தின் பெயர் என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாடக் குறியீட்டையும் பாருங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு வகை உண்டு: ஸ்டாண்டர்ட் என்றால் 041, பேசிக் என்றால் 241. அட்டையில் இருக்கும் எண்ணுக்கு உரிய வினாத்தாள்தான் கைக்கு வரும். ஆண்டு முழுக்க பேசிக் படித்த பிள்ளையின் அட்டையில் 041 என்று இருந்தால் அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். பரீட்சைக் காலையில் அறைக் கண்காணிப்பாளரால் அதை மாற்றித் தர முடியாது. தலைமையாசிரியர் கையெழுத்து இருக்கிறதா, பெற்றோரும் பிள்ளையும் போட வேண்டிய கையெழுத்து போட்டாயிற்றா என்பதையும் பாருங்கள். ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும். அட்டையோடு பள்ளி அடையாள அட்டையும் வேண்டும், சீருடையும் வேண்டும்.

எடுத்துப்போகும் சாமான்கள் உள்ளே இருப்பது வெளியே தெரியும் பையில் இருக்க வேண்டும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பவுச் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். பேனா நீலம் அல்லது ராயல் ப்ளூ. புதுப் பேனாவை அன்றைக்குத் திறக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே வாங்கி, இரண்டு மூன்றில் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்து, கைக்குப் பழகியதை எடுத்துப் போகட்டும். பென்சில், ரப்பர், ஸ்கேல், ஜியோமெட்ரி பாக்ஸ், எழுதும் அட்டை, முள் வைத்த கைக்கடிகாரம், நிறமில்லாத தண்ணீர் பாட்டில். ஜியோமெட்ரி பாக்ஸோடு வரும் அச்சுத் தாளை எடுத்துவிடுங்கள். எழுதும் அட்டையின் பின்பக்கத்தில் வாய்ப்பாடோ சூத்திரமோ அச்சாகியிருந்தால் வேறு அட்டை வாங்கிவிடுங்கள். பஸ் பாஸும் காசும் கொண்டுபோகத் தடையில்லை. பர்ஸ் மட்டும் கூடாது. காசை பவுச்சிலேயே போடலாம்.

கைபேசி கூடவே கூடாது. உள்ளே அது கையில் இருந்தது தெரிந்தால் அந்த ஆண்டுத் தேர்வோடு அடுத்த ஆண்டுத் தேர்வும் எழுத முடியாது என்று வாரியம் 2025-இல் அறிவித்தது. ஸ்மார்ட் வாட்ச்சும் அதே கணக்கு. "முடிச்சதும் போன் பண்றேன்பா" என்று சட்டைப் பையில் போட்டுப் போகிற பிள்ளைகள் உண்டு. வாசலில் பத்திரமாக வாங்கி வைப்பார்கள் என்று நம்பி அனுப்ப முடியாது.

காலைச் சாப்பாட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தட்டுப்படுவதில்லை. ஏழு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை வெளியே வரும்போது ஒன்றரை, வீடு சேரும்போது மூன்றாகிவிடும். சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு உள்ளே தின்பண்டம் கிடையாது. அதனால் வீட்டில் வழக்கமான இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு, ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்திருந்து ஒன்பதேகால் மணிக்கு மைய வாசலில் சாப்பிடட்டும். பதற்றத்தில் இட்லி இறங்காத பிள்ளைக்கும் இது உதவும். வயிற்றுக்குப் பழக்கமில்லாத எதையும் முதல் நாள் இரவிலிருந்தே தவிர்த்துவிடுங்கள்.

பவுச்சை முதல் நாள் மாலையே, பிள்ளையே தன் கையால் அடுக்க வேண்டும். அம்மா அடுக்கித் தந்தால் பரீட்சை அறையில் ரப்பரைத் தேட வேண்டிவரும். வீடு திரும்பியதும் ஹால் டிக்கெட் மறுபடி அதே பவுச்சுக்குள் போக வேண்டும். முதல் பரீட்சைக்கு இருக்கும் கவனம் மூன்றாவதில் குறையும். ஹால் டிக்கெட் புத்தகப் பையிலேயே தங்கிப்போவது பெரும்பாலும் அப்போதுதான். அழைத்துவரப் போகிறவர் எங்கே நிற்பார் என்பதையும் காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். வாசலில் நெரிசலாக இருக்கும் என்பதால் கொஞ்சம் தள்ளி, ஒன்றே முக்காலுக்கு, பிள்ளைக்குத் தெரிந்த ஒரு கடையின் முன்னால்.