பற்று நோட்டிலிருந்து ஓர் ஏற்புரை

குடியிருப்போர் நலச் சங்க ஆண்டு விழாவில், விருது வாங்கியவர் பேசும் ஏற்புரைக்கு வாய்க்கும் நேரம் மோசமானது. வரவேற்புரை, தலைமையுரை, நாலைந்து வாழ்த்துரை, பொன்னாடை, கேடயம் எல்லாம் முடிந்து, நன்றியுரைக்குச் சற்று முன்னால்தான் மைக் அவர் கைக்கு வரும். கூட்டம் அதற்குள் பந்தியை நினைக்கத் தொடங்கியிருக்கும். கிடைப்பது மூன்று நிமிடம்.

சென்னைப் புறநகரில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியை வைத்துக்கொள்வோம். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கில், கூலி வேலைக்குப் போக முடியாத வீடுகளுக்கு அவர் கடனாகச் சாமான் கொடுத்தார். அதற்காக இப்போது விருது. முதல் நாள் ராத்திரி அவர் எழுதிப் பார்க்கும் உரை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “இந்த விருதுக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. இது எனக்குக் கிடைத்த விருதல்ல, உங்கள் எல்லோருக்கும் கிடைத்த விருது.”

கேட்கப் பணிவாக இருக்கிறது. ஆனால் “தகுதி இல்லை” என்று ஒருவர் சொன்னால், “இருக்கிறது” என்று கைதட்ட வேண்டிய கடமை கூட்டத்துக்கு வந்துவிடுகிறது. பாராட்டை மறுப்பதுபோல இன்னொரு தடவை கேட்டு வாங்குவதாக அது முடியும். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன நன்றியோ யார் வீட்டுக்கும் போய்ச் சேராது.

உரைக்கு வேண்டியது கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: பற்று நோட்டு. அதைப் புரட்டினால் மூன்று விஷயம் கிடைக்கும். எத்தனை வீடு, எவ்வளவு ரூபாய் என்பது ஒன்று. கடன் கொடுக்க அவருக்கு யார் கடன் கொடுத்தார்கள் என்பது இரண்டாவது. மொத்தக் கடைக்காரர் தவணை தள்ளாமல் இருந்தால் அண்ணாச்சியால் பத்து நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. மூன்றாவது, யாருக்கு இல்லையென்று சொன்னார் என்பது. இது நோட்டில் இருக்காது, அவர் மனத்தில் இருக்கும். உரையை நம்ப வைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

மேடைக்குக் கொண்டுபோகக் கூடாத ஒன்றும் அதே நோட்டில் உண்டு. கடன் வாங்கியவர்களின் பெயர். நல்லெண்ணத்தோடு, “மூணாவது தெரு ஆட்டோக்கார அண்ணன் இன்னிக்கும் அதைச் சொல்லிக் கண் கலங்குவாரு” என்று சொன்னால் போதும். அந்த அண்ணன் மனைவி மக்களோடு கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தொகையைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது. உதவியவர்களுக்கு நேர்மாறு: ஆளையும் சொல்ல வேண்டும், அவர் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும்.

இப்படிப் பிரித்துக்கொண்டு எழுதினால் உரை ஏறக்குறைய இந்த வடிவத்துக்கு வரும்:

“எல்லாருக்கும் வணக்கம். அந்த ரெண்டு மாசத்துல நாப்பத்தி மூணு வீட்டுக்குப் பற்று எழுதினேன். மொத்தம் ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம் ரூபா. அவ்வளவு சரக்கு வாங்க என் கையில பணம் இல்ல. மூணாவது வரிசையில உக்காந்திருக்காரே, என் மொத்தக் கடைக்காரர், அவரு நாப்பது நாள் என்கிட்ட பணம் கேக்கல. கணக்கு எழுதினது என் வீட்டுக்காரம்மா. எழுதினதோட, அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, இது நாலும் முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்னு சொன்னதும் அவங்கதான்.

ஒண்ணு சொல்லணும். புதுசா வந்து கேட்ட சில பேருக்கு இல்லன்னு சொல்லிட்டேன். பயம். அதுல ஒருத்தர் கைக்குழந்தையோட வந்திருந்தாரு. அது இன்னும் மறக்கல.

நாப்பத்தி மூணுல முப்பத்தேழு வீடு முழுசா அடைச்சுட்டாங்க. மத்த ஆறு பக்கத்தையும் நான் கிழிச்சுட்டேன். அவங்க வழக்கம்போல கடைக்கு வரணும், அவ்வளவுதான். நன்றி.”

மூன்று நிமிடத்துக்குள் நிதானமாகவே முடிந்துவிடும். “பணிவு” என்ற சொல் இதில் எங்கும் இல்லை. தன் பங்கு எவ்வளவு, அடுத்தவர் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியதே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ‘ஆறு பக்கத்தைக் கிழித்தேன்’ என்பது மட்டும் சற்றுப் பெருமையான இடம். அதனால்தான் இல்லையென்று சொன்ன கதை அதற்கு முன்னால் வருகிறது. வரிசையை மாற்றிப் பாருங்கள், அதே சொற்கள் தற்புகழ்ச்சியாகிவிடும்.

எழுதிய உரை தேறுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. தாளை அடுத்த தெருக் கடைக்காரர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். முதலில் எழுதியதை அவர் ஒரு சொல்லும் மாற்றாமல் தன் உரையாகவே பேசிவிடலாம். இரண்டாவதைப் பேச, நாற்பத்து மூன்று வீட்டின் பற்று நோட்டு அவரிடம் இருந்தாக வேண்டும்.