வேப்பம் பிண்ணாக்குக் கொள்முதலில் போட்டி விலைக்கு ஈடு கேட்கும் முறை

யூரியா, டி.ஏ.பி. போன்ற உரங்களின் மூட்டையில் உச்ச விலை அச்சிடப்பட்டிருப்பதால், அவற்றை வாங்கும் குடியானவர் விலை பேசுவதற்கு இடம் குறைவு. பிண்ணாக்கு வகைகளோ அப்படியல்ல. ஆலைக்கு ஆலை, மண்டிக்கு மண்டி கிரயம் வேறுபடும். ஆகவே, வழக்கமாகச் சரக்குக் கொடுக்கும் வியாபாரியிடம், "வேறிடத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே, அந்த விலைக்குத் தாங்கள் கொடுக்கலாகாதா?" என்று கேட்பது எங்கும் நடப்பதேயாம். ஆனால் அதைக் கேட்கும் விதத்தில் பிழை நேர்ந்தால் விலையும் குறையாது. நெடுநாளைய வியாபாரியின் நம்பிக்கையும் கெடும்.

காவிரிக் கால்வாய்ப் பாசனத்தில் வாழையும் நெல்லும் பயிராகும் ஒரு கிராமத்தை உதாரணமாகக் கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்கு விளங்கும்பொருட்டு வைத்துக்கொண்டவை. நிலவரம் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும். அவ்வூரார் மூன்று ஆண்டுகளாக ஒரே வியாபாரியிடம் வேப்பம் பிண்ணாக்கு வாங்கி வருபவர்கள். இவ்வாண்டு அவர் கூறிய விலை 50 கிலோ மூட்டைக்கு ரூ. 1,500. வேறொரு வியாபாரியோ ரூ. 1,350க்குத் தருவதாக எழுதியனுப்பினார். மூட்டைக்கு ரூ. 150 வித்தியாசம் என்றவுடன், பழைய வியாபாரி இத்தனை காலமும் தங்களை ஏமாற்றி வந்தாரென்று சிலர் கோபங்கொண்டனர். கோபங்கொள்ளுமுன் இரு விலைகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து பார்த்திருக்க வேண்டும்.

பழைய வியாபாரியின் விலை ஊரில் கொண்டுவந்து இறக்கிக் கொடுக்கும் விலை. சாக்கு நீங்கலாக நிகர எடை. பணத்துக்கு ஒரு மாதத் தவணை. புதியவரின் விலை ஆலை வாசலில். எடை சாக்கு உட்பட. பணம் கையில் தரவேண்டும். இந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. லாரி வாடகை ரூ. 6,000 என்றால், 200 மூட்டைகளுக்குப் பகிர மூட்டைக்கு ரூ. 30. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் ரூ. 10. சணல் சாக்கின் எடை அரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்குமாதலால், 600 கிராம் பிண்ணாக்கு குறைகிறது, கிலோ ரூ. 27 வீதம் அது ரூ. 16. ஆக ரூ. 1,406. ஒரு மாதத் தவணைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி வைத்தால் இன்னும் ரூ. 14. எனவே போட்டி விலை உண்மையில் ரூ. 1,420. வித்தியாசம் ரூ. 150 அன்று, ரூ. 80 தான். 200 மூட்டைக்கு ரூ. 30,000 லாபம் என்று எண்ணியது ரூ. 16,000 ஆகச் சுருங்கிற்று. ரூ. 1,350 என்று கேட்டிருப்பின், தொழிலறிந்த வியாபாரி, "அது ஆலை விலை" என்று ஒரே சொல்லில் மறுத்து அனுப்பியிருப்பார்.

அடுத்தது அளவு. வியாபாரி விலையைக் குறைக்க இடங்கொடுப்பது பெரும்பாலும் இதுவே. பத்து டன் ஏற்றும் லாரிக்கு ஐந்து டன் ஏற்றினாலும் வாடகை ஏறத்தாழ ஒன்றே. ஒரே தடவையில் ஆலையிலிருந்து எடுத்தால் அவருக்கும் கொள்முதல் விலை இறங்கும். சரக்கு கிடங்கில் தங்காது. ஆனால் பெருந்தொகை சொல்லிப் பின்னர் பாதி எடுக்கும் ஊர்களை அவர் பல கண்டிருப்பார். மேற்படி கிராமத்தில் முதலில் வாய்வழியாகக் கேட்டபோது 260 மூட்டை வேண்டுமென்றார்கள். மூட்டைக்கு ரூ. 200 முன்பணம் என்றதும் 200 மூட்டையே நின்றது. 32 ஏக்கர் வாழைக்கு, மரத்துக்குக் கால் கிலோ வீதம் 8,000 கிலோ. 40 ஏக்கர் நெல்லுக்கு ஏக்கருக்கு 50 கிலோ வீதம் 2,000 கிலோ. அந்த 200ஐத்தான் கடிதத்தில் எழுதினர். 260 என்றெழுதியிருந்தால் இவ்வாண்டு விலை சற்றுக் குறைந்திருக்கலாம். அடுத்த ஆண்டு அவ்வூர்க் கணக்கை எவரும் நம்பார்.

அவர்கள் அனுப்பிய கடிதம் வருமாறு:

"ஐயா, கடந்த 3 ஆண்டுகளாகத் தங்களிடமே வேப்பம் பிண்ணாக்கு வாங்கி வருகிறோம். எடையிலும் தரத்திலும் குறை கண்டதில்லை. இவ்வாண்டு எங்கள் தேவை 50 கிலோ நிகர எடையுள்ள 200 மூட்டைகள். இவ்வளவுக்கும் முன்பணம் வசூலாகியுள்ளது. ஒரே லாரியில் வந்தால் ஒரே களத்தில் இறக்கிக்கொள்வோம். வேறோரிடத்திலிருந்து எழுத்து மூலம் எங்களுக்கு விலை வந்துள்ளது. வாடகை, கூலி, சாக்கு எடை, தவணை யாவும் கணக்கிட, ஊர் வந்துசேர மூட்டை ரூ. 1,420 ஆகிறது. தங்கள் வழக்கமான தவணையுடன் அவ்விலைக்குத் தரக்கூடுமாயின் 200 மூட்டைகளையும் தங்களிடமே எடுப்போம். வரும் 12ஆம் தேதிக்குள் பதில் தெரிவிக்கக் கோருகிறோம்."

இக்கடிதத்தில் மற்ற வியாபாரியின் பெயர் இல்லை. பெயரைச் சொன்னவுடன் பேச்சு விலையை விட்டு ஆளின்மேல் போய்விடும். "அவர் சரக்கில் மண் இருக்கும்" என்பார்கள். ஒரே சந்தையில் இருக்கும் இருவரும் தமக்குள் பேசி ஒரே விலையில் நின்றுவிடுவதும் உண்டு. மேலும், நம்மிடம் நம்பிக்கையாய்க் கூறிய விலையை ஊரறியச் செய்தால், அவர் மறுபடியும் விலை எழுதித் தரமாட்டார். "யார் அவர்?" என்று கேட்டால், "தாங்கள் கூறும் விலையையும் நாங்கள் வெளியே சொல்லமாட்டோம்" என்பது போதிய விடை.

ஆயினும் அந்தப் போட்டி விலை மெய்யாகவே கையில் இருக்கவேண்டும். இல்லாத விலையைச் சொன்னால், "அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டபின், உரமிடும் பருவத்தில் சரக்கின்றி நிற்க நேரும். மேற்படி விலை 15ஆம் தேதி வரை செல்லுபடியாகுமென்று எழுதப்பட்டிருந்தது. ஆகவேதான் 12 என்று நாள் குறித்தனர். மூன்று நாள் கையிருப்பு இருந்தது.

வியாபாரியின் பதில் இரு விதமாய் வந்தது: தவணையுடன் ரூ. 1,435, கைப்பணமாயின் ரூ. 1,420. பார்வைக்கு இரண்டாவது கேட்ட விலையே போல் தோன்றும். கைப்பணத்துக்கு ஈடான விலை ரூ. 1,406 ஆதலால் அதிலும் ரூ. 14 கூடுதலே. தவணை விலையில் ரூ. 15 கூடுதல், அதாவது மொத்தத்தில் ரூ. 3,000. ஊரார் தவணை விலையை ஒப்புக்கொண்டனர். முன் ஓராண்டு நனைந்து வந்த மூட்டைகளை மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தவர் அவர், ரூ. 3,000 அதற்கு மிகுதியென்று சொல்லத் தோன்றவில்லை. முதலில் கூறிய விலையைப் பார்க்க ரூ. 13,000 மிச்சம்.

விலையைக் குறைத்தவர் சரக்கிலும் குறைத்துவிடுவாரோ என்ற ஐயம் இயல்பு. ஆதலால் லாரியைச் சரக்கோடு ஒருமுறையும், இறக்கியபின் ஒருமுறையும் எடைமேடையில் நிறுத்தி, வித்தியாசத்திலிருந்து 200 சாக்குகளின் எடையைக் கழித்து, 10,000 கிலோ உண்டா என்று பார்த்தனர். அங்கங்கே பத்து மூட்டைகளிலிருந்து பிடி பிடியாக எடுத்துக் கலந்து, ஒரு கண்ணாடிக் குவளை நீரில் இட்டுக் கலக்கிவைத்தனர். மண் சேர்ந்திருந்தால் விரைவில் அடியில் படியும். பூஞ்சை வாடை, கட்டி, உள்ளே வெதுவெதுப்பு இருப்பின் ஈரச் சரக்கென்று அறியலாம். தழைச்சத்து நூற்றுக்கு ஐந்தளவில் உள்ளதா என்பதைக் கண்ணால் காண இயலாது. அதற்கு மாதிரியை ஆய்வகத்துக்கே அனுப்பவேண்டும். தவணைப் பணம் கைவசம் இருக்கும் மாதத்துக்குள் அந்த முடிவு வந்துசேருமாறு, சரக்கு இறங்கிய அன்றே மாதிரியை முத்திரையிட்டு அனுப்பினர்.