பூஜ்யத்தை எண்ணிப் பாருங்கள்

ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்கு மொழிபெயர்த்த ஆண்டறிக்கையில் வாக்கியமெல்லாம் கச்சிதமாக இருக்கும். தவறு எண்ணில் ஒளிந்திருக்கும். ஆங்கிலம் ஆயிரம், மில்லியன் என்று மூன்று மூன்று இலக்கமாக எண்ணுகிறது. சீன மொழி நான்கு நான்காக எண்ணும். அங்கே பத்தாயிரம் ஒரு ‘வான்’, பத்துக் கோடி ஒரு ‘யீ’.

மூலத்தில் 36.5 மில்லியன் டாலர் வருவாய் என்றிருந்தால், சீனத்தில் 3,650 வான் என்று வரவேண்டும். அவசரத்தில் 365 வான் என்று விழுந்துவிட்டால் வருவாய் பத்தில் ஒன்றாகிவிடும். படிக்கும்போது உறுத்தவே உறுத்தாது. ஆகவே, வாடிக்கையாளருக்கு அனுப்புமுன் எண்களை மட்டும் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு பிரதியிலும் உள்ள தொகையைப் பூஜ்யங்களோடு முழுசாக எழுதுங்கள். இரண்டும் 36,500,000 என்று வந்தால் சரி.

தேதி இன்னும் பொல்லாதது. 03/04/2024 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டிஷாருக்கு ஏப்ரல் 3. சீனத்தில் ஆண்டு, மாதம், நாள் என்று தெளிவாக எழுதியபின் அந்தச் சந்தேகமே கண்ணில் படாது. அதே ஆவணத்தில் 25/04 போல 12-ஐத் தாண்டிய எண் எந்த இடத்தில் வருகிறதென்று தேடினால் வரிசை பிடிபடும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடமே கேட்டுவிடுவது நல்லது.

எடையில் ஓரெழுத்து போதும். கிலோவுக்கு ‘கோங்ஜின்’ என்பார்கள். முன்னெழுத்து விடுபட்டு ‘ஜின்’ என்றானால் அரைக்கிலோ.